பழைய நட்டம் கையில் இருந்தால் லாபத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகங்களில் தவறாமல் ஒலிக்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பில்லை ஏப்ரல்ல போட்டுக்கலாங்களா?" இந்த ஆண்டு லாபம் கூடிவிட்டால் இந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். ஏப்ரலுக்குத் தள்ளினால் வரியும் ஓராண்டு தள்ளிப்போகும். கட்டவேண்டிய பணத்தைத் தாமதமாகக் கட்டுவது நல்லதுதானே என்பது வியாபாரிகளின் கணக்கு. பெரும்பாலான சமயம் அது சரியான கணக்கும்கூட.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய நட்டத்தைப் பார்த்து, அதை வருமான வரி ரிட்டர்னில் முறையாகக் காட்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடலாம். அவர் லாபத்தை ஏப்ரலுக்குத் தள்ளினால் கட்ட வேண்டாத வரியைக் கட்ட நேரும். மார்ச்சுக்குள் கொண்டுவந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது. மொத்த லாபமும் மொத்த நட்டமும் அதேதான். மாறுவது லாபம் எந்த ஆண்டில் விழுகிறது என்பது மட்டும்.

சட்டம் தரும் எட்டு ஆண்டுகள்

வருமான வரி ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது. தொழிலோ ஏப்ரல் ஒன்றாம் தேதி தொடங்கி மார்ச் 31-ல் முடிவதில்லை. ஓராண்டு இருபது லட்சம் போகும், இன்னோர் ஆண்டு இருபது லட்சம் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆண்டு வாரியாக மட்டும் வரி போட்டால், ஒன்றும் சம்பாதிக்காத மனிதர் வரி கட்ட வேண்டிவரும். இந்த அநியாயத்தைத் தவிர்க்கத்தான், ஓராண்டின் தொழில் நட்டத்தை அடுத்துவரும் ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆடிட்டர்கள் இதை 'லாஸ் கேரி ஃபார்வர்டு' என்பார்கள்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விஷயத்தில் அடிப்படை விதி மாறவில்லை. பழைய சட்டத்தின்படி பதிவான நட்டங்களையும் மீதமுள்ள காலத்துக்குப் புதிய சட்டத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

விதி சுருக்கமானது. சாதாரணத் தொழில் நட்டத்தை, அது ஏற்பட்ட ஆண்டுக்கு அடுத்த எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். அந்த ஆண்டுகளில் வரும் தொழில் லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். நட்டம் தந்த தொழிலையே தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதில்லை. பனியன் தொழிலில் வந்த நட்டத்தை, பிறகு தொடங்கிய மளிகைக் கடை லாபத்தில் கழிக்கலாம். ஆனால் வாடகை, வங்கி வட்டி, சம்பளம் ஆகியவற்றில் கழிக்க முடியாது.

ஒரு திருப்பூர் கணக்கு

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் தனிநபர் ஒருவர் தன் பெயரிலேயே சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறார் என்று கொள்வோம். 2022-ல் நூல் விலை ஏறியபோது பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் புதிய விலைக்கு நூல் வாங்கி முடித்துக் கொடுத்தார். 2022-23 நிதியாண்டில் தொழிலில் 22 லட்சம் ரூபாய் நட்டம். இயந்திரங்களின் தேய்மானத்தை இதில் சேர்க்கவில்லை. அது தனிக் கணக்கு, பின்னால் பார்ப்போம்.

அதே ஆண்டில் வங்கி டெபாசிட்டிலிருந்து அவருக்கு 2 லட்சம் ரூபாய் வட்டி வந்திருந்தது. நட்டம் வந்த ஆண்டில் மட்டும், அந்த நட்டத்தை வட்டி, வாடகை போன்ற மற்ற வருமானங்களில் கழித்தாக வேண்டும். சம்பளம் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே 22 லட்சத்தில் 2 லட்சம் வட்டியோடு போனது. மீதி 20 லட்சம் அடுத்த ஆண்டுகளுக்குப் போகிறது. கூலி கொடுப்பதற்காக டெபாசிட்டையும் அந்த ஆண்டிலேயே உடைத்துவிட்டதால், பிறகு அவருக்குத் தொழிலைத் தவிர வேறு வருமானம் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2 லட்சம் வட்டிக்கு மட்டும் என்றால் அவருக்கு எப்படியும் வரி வந்திருக்காது. "அதை அப்படியே விட்டுவிடுகிறேன், 22 லட்சத்தையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. நட்டத்தை எப்போது, எவ்வளவு கழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கட்டுபவருக்கு இல்லை. கழிக்க இடம் இருந்தால் கழித்தே ஆக வேண்டும். அதனால் லாபம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு வராது. முதலில் வரும் லாபம் முதலில் நட்டத்தைத் தின்னும். இனி வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது.

லாபம் முந்திக்கொண்டால்

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு முதல் சாட்சி, பக்கத்துத் தெரு யூனிட். அவருக்கு 2021-22-ல் 20 லட்சம் லாபம், 2022-23-ல் 20 லட்சம் நட்டம் என்று வைப்போம். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் அவர் சம்பாதித்தது பூஜ்யம். ஆனால் லாபம் முதலில் வந்துவிட்டது. பழைய வரி முறையில், எந்தக் கழிவும் இல்லை என்று எடுத்துக்கொண்டால், அந்த 20 லட்சத்துக்கு அவர் கட்டிய வரி செஸ் சேர்த்து 4,29,000 ரூபாய். மறு ஆண்டு நட்டம் வந்தது என்பதற்காக இந்தப் பணம் திரும்பி வராது. நட்டத்தைப் பின்னோக்கி எடுத்துச்சென்று பழைய லாபத்தில் கழிக்க இந்தியாவில் வழி இல்லை. கனடாவில் மூன்று ஆண்டுகள் பின்னோக்கியும் கழித்து, கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். இங்கே நட்டம் முன்னோக்கி மட்டுமே நகரும்.

இதே இரண்டு ஆண்டுகள் இடம் மாறி, நட்டம் முதலிலும் லாபம் பிறகும் வந்திருந்தால் வரி பூஜ்யம். ஆக, லாபம் நட்டத்துக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதே நாலேகால் லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது.

மார்ச்சா, ஏப்ரலா?

நம் யூனிட்டுக்குத் திரும்புவோம். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் ஓடின. 20 லட்சம் நட்டம் அப்படியே நிற்கிறது. 2025-26-ல் தொழில் தேறுகிறது. வழக்கமான வேலையில் 12 லட்சம் லாபம். அதோடு, ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள பெரிய ஆர்டர் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் நிற்கும் லாபம் 12 லட்சம். அடுத்த ஆண்டான 2026-27-ல் வழக்கமான வேலையில் இன்னொரு 12 லட்சம் வரும் என்று எதிர்பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளின் மொத்த லாபம் 36 லட்சம். பெரிய ஆர்டரின் சரக்கை மார்ச் கடைசி வாரத்தில் அனுப்பலாம், ஏப்ரல் முதல் வாரத்திலும் அனுப்பலாம். வாங்குபவருக்கு இரண்டும் சம்மதம்.

வரி விகிதத்தையும் பார்த்துவிடுவோம். 2025-26-க்கான புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதமாகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். 2026-27-க்கும் இதே விகிதம் என்றே கணக்கிடுவோம்.

முதலில், பழக்கப்படி லாபத்தை ஏப்ரலுக்குத் தள்ளுகிறார் என்று கொள்வோம். 2025-26-ல் லாபம் 12 லட்சம். பழைய நட்டத்தில் 12 லட்சம் இதில் கழிந்துவிடும், வரி இல்லை. நட்டத்தில் மீதி 8 லட்சம். 2026-27-ல் லாபம் 24 லட்சம். மீதி நட்டம் 8 லட்சத்தைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 16 லட்சம். அதற்கு வரி 20,000, 40,000, 60,000 என்று படிப்படியாகச் சேர்ந்து 1,20,000 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்து 1,24,800 ரூபாய்.

இப்போது சரக்கை மார்ச்சிலேயே அனுப்புகிறார் என்று கொள்வோம். 2025-26-ல் லாபம் 24 லட்சம். பழைய நட்டம் 20 லட்சமும் ஒரே ஆண்டில் கழிந்து, வரிக்குரிய வருமானம் 4 லட்சமாகிறது. வரி இல்லை. 2026-27-ல் நட்டம் எதுவும் மீதி இல்லை. லாபம் 12 லட்சம் மட்டும். தள்ளுபடிக்குள் வருவதால் அதற்கும் வரி இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டும் வரி பூஜ்யம்.

ஒரே சரக்கு, ஒரே லாபம், ஒரு வார வித்தியாசம். மிச்சம் 1,24,800 ரூபாய்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்தத் தொகைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் சட்டம் ஒவ்வொருவருக்கும் வரியில்லாமல் கொஞ்சம் சம்பாதிக்க இடம் தருகிறது. இன்றைய புதிய முறையில் அது 12 லட்சம். அந்த ஆண்டில் பயன்படுத்தாவிட்டால் அந்த இடம் போய்விடும், அடுத்த ஆண்டுக்கு வராது. ஏப்ரலுக்குத் தள்ளிய கணக்கில் 2025-26-ன் லாபம் முழுவதையும் பழைய நட்டம் விழுங்கிவிட்டது. அந்த 12 லட்சத்துக்கு எப்படியும் வரி இல்லை. அப்படியிருந்தும் நட்டம் அதில் செலவாகிவிட்டது. அந்த ஆண்டின் இலவச இடம் காலியாகவே கிடந்து வீணானது. மார்ச்சில் அனுப்பியபோது நட்டமும் தீர்ந்தது, அதற்குமேல் 4 லட்சம் அந்த இடத்திலும் அமர்ந்தது. அடுத்த ஆண்டின் லாபமும் தனக்குரிய இடத்துக்குள் அடங்கிவிட்டது.

இந்த உதாரணத்தில் முதல் ஆண்டின் லாபம் 24 லட்சத்திலிருந்து 32 லட்சத்துக்குள் எங்கே நின்றாலும் மொத்த வரி பூஜ்யம்தான். 32 லட்சத்தைத் தாண்டினால் முதல் ஆண்டிலேயே வரி வந்துவிடும். எல்லா லாபத்தையும் அள்ளி மார்ச்சில் கொட்டுவது நல்லதல்ல. நட்டத்தை முழுவதும் தீர்த்து, அந்த ஆண்டின் இலவச இடத்தையும் நிரப்பும் அளவுக்கு லாபம் வந்தால் போதும்.

எப்போது வித்தியாசம் இல்லை?

இந்தக் கணக்கு எல்லா நேரத்திலும் பலிக்காது. பழைய நட்டம் 20 லட்சம் இல்லாமல் 40 லட்சமாக இருந்திருந்தால் மார்ச்சும் ஏப்ரலும் ஒன்றுதான். மார்ச்சில் அனுப்பினால் 24 லட்சம் கழிந்து 16 லட்சம் மீதி நிற்கும். ஏப்ரலில் அனுப்பினால் 12 லட்சம் கழிந்து 28 லட்சம் மீதி நிற்கும், ஆனால் அந்த ஆண்டின் லாபமும் 12 லட்சம் கூடியிருக்கும். எப்படிப் போட்டாலும் இரண்டு ஆண்டுகளிலும் வரி இல்லை, கடைசியில் மிஞ்சும் நட்டமும் அதே 4 லட்சம். நட்டம் தீரும் ஆண்டு எது என்பதைச் சுற்றித்தான் தேதிக்கு மதிப்பு.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. மார்ச்சிலேயே சரக்கை எடுத்துக்கொள்ள வாங்குபவர் மூன்று சதவீதம் தள்ளுபடி கேட்டால், ஒரு கோடி ரூபாய் பில்லில் அது 3 லட்சம். ஒன்றேகால் லட்சம் வரியை மிச்சம் பிடிக்க 3 லட்சம் கொடுப்பது வியாபாரம் ஆகாது. கூடுதல் ஷிஃப்ட் கூலி, அவசர லாரி வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தேதிக்கு மிகப் பெரிய மதிப்பு வரும் இடம் எட்டாவது ஆண்டின் கடைசி. நம் யூனிட்டின் நட்டம் 2022-23-ல் வந்தது. எட்டு ஆண்டுகள் என்றால் 2030-31 வரை. 2031 மார்ச் 31 அன்று மீதி 10 லட்சம் நட்டம் இருந்தால், மறுநாள் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. நீட்டிப்பு கேட்க முடியாது. அந்தக் கட்டத்தில் 31-ஆம் தேதி வரும் லாபத்தில் நட்டத்தைக் கழிக்கலாம், ஏப்ரல் முதல் தேதி வரும் லாபத்தில் கழிக்க முடியாது. பல ஆண்டுகளின் நட்டம் சேர்ந்திருந்தால் பழையதிலிருந்துதான் கழித்துக்கொண்டு வருவார்கள். எனவே மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஆண்டின் நட்டம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நட்டத்துக்கு வட்டி வளராது. 2022-23-ன் 20 லட்சம், எட்டு ஆண்டுகள் கழித்தும் அதே 20 லட்சமாகத்தான் கழியும். விலைவாசி ஏற ஏற அதன் உண்மை மதிப்பு குறைந்துகொண்டே போகும். மற்றதெல்லாம் சமம் என்றால் சீக்கிரம் பயன்படுத்துவதே லாபம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேய்மானத்துக்குக் காலக்கெடு இல்லை

தனியாக வைத்த தேய்மானத்துக்கு இப்போது வருவோம். இயந்திரங்களுக்கு ஆண்டுதோறும் தேய்மானம் என்று ஒரு செலவைச் சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கழிக்கும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் அதுவும் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுக் கெடு கிடையாது, எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நிற்கும். தொழில் லாபத்தில் மட்டுமின்றி வாடகை, வட்டி போன்ற வருமானத்திலும் பின்னாளில் கழிக்கலாம்.

கழிக்கும் வரிசையும் வரி கட்டுபவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. முதலில் அந்த ஆண்டின் தேய்மானம், அடுத்து பழைய தொழில் நட்டம், கடைசியில் பழைய தேய்மானம். கெட்டுப்போகும் சரக்கை முதலில் விற்பதுபோல, காலாவதியாகும் நட்டம் முதலில் செலவாகிறது. ஆனால் அந்த ஆண்டின் தேய்மானத்தைப் போடாமல் விட்டுவிட்டு, பழைய நட்டத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே துறை எடுத்துக்கொள்ளும். எட்டாவது ஆண்டு நெருங்கும்போது புது இயந்திரம் வாங்கினால், அதன் தேய்மானம் முன்னால் நின்று லாபத்தைக் குறைத்துவிடும். பழைய நட்டம் கழிவதற்கு இடம் சுருங்கிவிடும்.

புதிய வரி முறைக்கு மாறுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி யூனிட்டுகள் புது இயந்திரத்துக்குப் பெறும் 'கூடுதல் தேய்மானம்' அந்த முறையில் கிடையாது. பழைய நட்டத்திலோ தேய்மானத்திலோ அந்தக் கூடுதல் தேய்மானத்தால் உண்டான பகுதியையும் அங்கே கழிக்க முடியாது. மாறுவதற்கு முன் அந்தத் தொகை எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நட்டம் எங்கே தொலைகிறது?

இவ்வளவு கணக்கும் போட வேண்டுமானால் முதலில் நட்டம் பதிவாகியிருக்க வேண்டும். பலருக்கு அது அந்த முதல் ஆண்டிலேயே தொலைந்துவிடுகிறது.

முதல் காரணம், தாமதம். நட்டம் வந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அந்தத் தொழில் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. "நட்டம்தானே, வரியா கட்டப்போகிறோம்? மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இழப்பது இப்படித்தான். கெடு தேதி, கணக்குத் தணிக்கை தேவைப்படுபவர்களுக்கு ஒன்றாகவும் மற்றவர்களுக்கு ஒன்றாகவும் இருக்கும். சில ஆண்டுகளில் அரசு தள்ளிவைப்பதும் உண்டு. உங்கள் கெடு எது என்று ஒவ்வோர் ஆண்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒருமுறை முறையாகப் பதிவாகிவிட்ட நட்டம், பின்னால் வேறோர் ஆண்டின் ரிட்டர்ன் தாமதமானால் அழியாது. தேய்மானத்துக்கும் இந்தத் தண்டனை இல்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் நேர்ந்திருந்தால், அதை மன்னிக்கும்படி துறைக்கு மனுச் செய்ய வழி உண்டு. ஆனால் அது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது.

இரண்டாவது காரணம், சுலப வழி. கணக்குப் புத்தகம் வைக்கும் சிரமம் வேண்டாம் என்று, விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் சிறு வியாபாரிகள் பலர் ரிட்டர்ன் போடுகிறார்கள். நட்டமான ஆண்டிலும் அதையே செய்தால் காகிதத்தில் லாபம்தான் இருக்கும், நட்டம் இருக்காது. நட்டத்தைக் காட்டக் கணக்கு எழுத வேண்டும், ஐடிஆர்-4 படிவத்தை விட்டு ஐடிஆர்-3-க்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கடன். கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக நட்டமான ஆண்டிலும் கொஞ்சம் லாபம் காட்டுவது ஊரறிந்த வழக்கம். பொய்க் கணக்கு காட்டுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இல்லாத 3 லட்சம் லாபத்தைக் காட்டுபவர், உண்மையில் இருந்த 20 லட்சம் நட்டத்தின் பலனையும் சேர்த்துக் கைவிடுகிறார்.

நான்காவது, பெயர் மாற்றம். நட்டம் அதை அடைந்த நபருக்குச் சொந்தம். அப்பா உயிரோடு இருக்கும்போதே யூனிட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்தால் இயந்திரம் போகும், நட்டம் போகாது. அப்பாவின் காலத்துக்குப் பிறகு வாரிசு உரிமையில் தொழில் மகனுக்கு வந்தால் மட்டும் மீதமுள்ள ஆண்டுகளுக்கு மகன் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஓய்வுபெற நினைக்கும் தொழில் முனைவோர், நட்டம் தீரும் ஆண்டையும் பார்த்துத்தான் கைமாற்றும் தேதியை வைக்க வேண்டும்.

தேதி நிஜமாக இருக்க வேண்டும்

மார்ச்சில் லாபம் வேண்டும் என்றால், மார்ச்சில் வியாபாரம் நடந்திருக்க வேண்டும். வரவு செலவை நடந்த தேதியில் எழுதும் கணக்கு முறையில், பணம் எப்போது வந்தாலும், சரக்கின் உரிமை வாங்குபவருக்கு மாறிய நாளில்தான் லாபம் பிறக்கிறது. லாரி ஏப்ரல் 4-ல் கிளம்பியிருக்க, பில்லில் மட்டும் மார்ச் 30 என்று போட்டால் அது பொய்க் கணக்கு. அதைக் கண்டுபிடிப்பதும் இன்று கஷ்டமில்லை. இ-வே பில்லில் நேரம் பதிவாகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் நீங்கள் காட்டும் மாதம், வாங்கியவரின் கணக்கிலும் அதே மாதமாகத் தெரிகிறது. ஏற்றுமதி என்றால் சுங்கத் துறையின் கப்பல் ஆவணத்தில் தேதி இருக்கிறது. சொந்தக்காரர் நடத்தும் இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கே போகாமல் பில் மட்டும் போட்டாலும் இதே கதிதான்.

ஆனால் உண்மையிலேயே தயாரான சரக்கை மார்ச்சில் அனுப்புவதும், அவசரமில்லாத இயந்திரப் பழுதுபார்ப்பை ஏப்ரலுக்கு ஒத்திவைப்பதும், வேலை முடிந்த ஜாப் ஒர்க் பில்லைத் தாமதிக்காமல் போடுவதும் முழுக்க முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டம் தேதியைத்தான் கேட்கிறது, அந்தத் தேதியில் ஏன் செய்தீர்கள் என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் மார்ச் கடைசியில் யோசித்தால் காலம் போதாது. ஜனவரியிலேயே வருமான வரித் தளத்தில் உங்கள் கடைசி ரிட்டர்னைத் திறந்து `Schedule CFL` என்ற பக்கத்தைப் பாருங்கள். எந்த ஆண்டின் நட்டம் எவ்வளவு மீதி என்று வரிசையாக அங்கே இருக்கும். ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பிய அறிவிப்பிலும் அதே தொகைகள்தானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் உடனே திருத்தம் கேளுங்கள். பிறகு ஆடிட்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் முதலில் காலாவதியாவது எது? இந்த மார்ச்சுக்குள் லாபம் எவ்வளவு வரும்? அந்த லாபம் நட்டத்தைத் தீர்த்துவிட்டு அதற்குமேலும் நிற்குமா, இல்லை நட்டத்துக்குள்ளேயே மூழ்கிவிடுமா? மூன்றாவதற்குப் பதில் தெரிந்த பிறகு, பில்லை மார்ச்சில் போடுவதா ஏப்ரலில் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.